சாட்பாட் போட்டுக் கொடுத்த டூர் பிளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்திலும் சொந்தக்காரர்கள் வட்டத்திலும் யாராவது ஊருக்குக் கிளம்பினால் பிளானை என்னிடம் அனுப்பி "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்பது வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார்கள். இப்போது வருவதில் பெரும்பாலானவை சாட்பாட் எழுதியவை. சந்தேகங்களும் ஒரே மாதிரி வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: சென்னையிலிருந்து மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், நான்கு நாள்.

இதுக்கெல்லாம் சாட்பாட் உதவுமா, இல்ல சும்மா பொழுதுபோக்கா?

உதவும். எந்த ஊருக்கு முதலில் போவது, எங்கே தங்குவது, வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம், மழை வந்தால் என்ன செய்வது போன்ற வரிசைப்படுத்தும் வேலையை நன்றாகவே செய்கிறது. "அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி குறைவா இருக்கணும்" என்று சொன்னால் பிளானை அதற்கேற்ப மாற்றித் தரும். நான்கு பேர் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பேசி முடிவெடுப்பதைச் சில நிமிஷத்தில் கண் முன்னால் வைத்துவிடும்.

ஆனால் திறந்திருக்கும் நேரம், போய்ச் சேர எடுக்கும் நேரம், விலை ஆகிய மூன்றையும் அது சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை மாறிக்கொண்டே இருப்பவை. இப்போது என்ன நிலவரம் என்பது கதவைத் திறப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும்தான் தெரியும்.

'மதுரை ராமேஸ்வரம் கன்னியாகுமரி 4 நாள் பிளான்' என்று கேட்டாலே தருகிறதே, வேறென்ன சொல்ல வேண்டும்?

அப்படிக் கேட்டால் யாருக்கும் பொருந்துகிற, அதனால் உங்களுக்குப் பொருந்தாத பிளான்தான் கிடைக்கும். யார் யார் வருகிறார்கள், என்ன வயது, எந்தக் கிழமை கிளம்புகிறீர்கள், ரயிலா காரா, மதியம் தூங்கியே ஆக வேண்டியவர் யார், தவறவே கூடாத ஒன்று எது என்பதையெல்லாம் சொல்லுங்கள். நம் உதாரணத்தில் பாட்டிக்கு 22 தீர்த்தமும் ஆட வேண்டும், பிள்ளைகளுக்குப் படகில் போக வேண்டும். இந்த இரண்டும் கெட்டுப்போனால் மற்றது எப்படி அமைந்தாலும் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

நான் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்வேன்:

```
உறுதியாகத் தெரியாத நேரம், தூரம், விலை எதையும் எழுதாதே.
அந்த இடத்தில் [பார்க்க] என்று மட்டும் போடு.
கடைசியில் நான் சரிபார்க்க வேண்டியவற்றைத் தனியாகப் பட்டியலிடு.
```

இதைச் சொன்ன பிறகும் சில இடங்களில் எண்ணை எழுதத்தான் செய்யும். ஆனாலும் சரிபார்க்க வேண்டிய பட்டியல் கையில் கிடைத்துவிடுவதே பெரிய லாபம்.

அது கொடுத்த பிளான் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, அப்படி என்ன தப்பு வந்துவிடும்?

எனக்கு வருகிற பிளான்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல் நாள் வெள்ளி: காலையில் மதுரையில் இறங்கி, 12 மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில், 2.30க்கு அழகர்கோயில். இரண்டாம் நாள் சனி: காலை 8 மணிக்குக் கிளம்பி 11க்கு ராமேஸ்வரம், 12க்கு தீர்த்தமாடி சுவாமி தரிசனம், மாலை 6.30க்கு தனுஷ்கோடியில் சூரிய அஸ்தமனம். மூன்றாம் நாள் ஞாயிறு: காலை 10க்குக் கிளம்பி 3க்கு கன்னியாகுமரி, 3.30க்கு விவேகானந்தர் பாறைக்குப் படகு. நான்காம் நாள் திங்கள்: பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு மாலை ரயில்.

ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரி. நம் ஊர்க் கோயில் மதியம் நடை சாத்தும் என்பதை வைத்துப் பார்த்தால்தான் கலகலக்கிறது. மீனாட்சி கோயில் 12.30 வாக்கில் சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள், அதனால் 12 மணிக்குப் போனால் வரிசையில் நிற்கும்போதே நடை சாத்திவிடும். 2.30க்கு அழகர்கோயிலும் சாத்தியிருக்கும். ராமேஸ்வரத்தில் மதியம் 1 முதல் 3 வரை நடை அடைப்பு. அக்னி தீர்த்தத்தில் குளித்து, உள்ளே 22 கிணறுகளிலும் நீராடி, ஈரத் துணியோடு சன்னதிக்குப் போக முடியாது என்பதால் உடை மாற்றி, அப்புறம் தரிசனம் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். 12 மணிக்குத் தொடங்குகிற வேலையே இல்லை அது. தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு யாரையும் இருக்க விடுவதில்லை, அதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கன்னியாகுமரிப் படகு வழக்கமாகக் காலை 8 முதல் மாலை 4 வரைதான். 3.30க்கு வரிசையில் கடைசியில் நின்றால் டிக்கெட் கிடைக்குமா என்பதே சந்தேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

நான்கு நாளிலும் ஓட்டை இருக்கிறது. ஆனால் ஊர்களின் வரிசையில் குற்றம் இல்லை. கிளம்புவதை ஒரு நாள் முன்னால் நகர்த்தி வியாழனில் தொடங்கினாலே அரண்மனை ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் மதியம் தனுஷ்கோடி, மூன்றாம் நாள் விடியற்காலை தீர்த்தமும் தரிசனமும், 11 மணிக்குக் கிளம்பி மாலை கன்னியாகுமரி, நான்காம் நாள் காலை 8 மணிக்கே படகுத்துறை, பிறகு அரண்மனை, மாலை ரயில். பாட்டிக்கும் நிம்மதி, ராமேஸ்வரத்தில் விடியற்காலை நடக்கும் ஸ்படிக லிங்க தரிசனமும் பார்க்க வாய்ப்புண்டு.

எதை முதலில் சரிபார்ப்பது? பட்டியலைப் பார்த்தாலே மலைப்பா இருக்கு.

மூடியிருக்கும் நாளையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். வார விடுமுறை, மதிய இடைவேளை, கடைசி டிக்கெட் கொடுக்கும் நேரம். இவைதான் நாட்களையே மாற்றி அமைக்க வைக்கும். அடுத்தது பயண நேரம். விலை கடைசி. தேதி மாறினால் விலையும் மாறிவிடும் என்பதால் அதை முதலில் பார்ப்பது இரட்டை வேலை.

கோயில், அரண்மனை நேரத்தை எங்கே பார்ப்பது? கூகுளில் Open என்று காட்டினால் போதாதா?

போதாது. கூகுள் மேப்ஸில் உள்ள நேரத்தைப் பொதுமக்களும் திருத்தலாம். சில கோயில்களுக்கு மதிய இடைவேளையே இல்லாமல் காலை 5 முதல் இரவு 9 வரை என்று கிடக்கும். அறநிலையத் துறைக் கோயில்களுக்கு hrce.tn.gov.in தளத்தில் கோயில்வாரியாக நடை திறப்பும் பூஜை நேரமும் இருக்கின்றன. அங்கிருந்து கோயில் அலுவலக எண்ணை எடுத்து, போகிற தேதியைச் சொல்லிக் கேட்டுவிடுவது உத்தமம். திருவிழா, கும்பாபிஷேகத் திருப்பணி, கிரகணம் என்று நடை நேரம் மாறுகிற நாட்களை எந்த நிரந்தரப் பக்கமும் சரியாகச் சொல்லாது.

பத்மநாபபுரம் விஷயத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அரண்மனை இருப்பது தக்கலை பக்கம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. தமிழ்நாடு சுற்றுலாத் தளத்தில் கட்டணத்தையும் நேரத்தையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், கேரளத் தொல்லியல் துறை சொல்வதுதான் கணக்கு. திங்கள் விடுமுறையோடு மதிய உணவு இடைவேளையும் உண்டு. எந்த இடமானாலும் அதை யார் நடத்துகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இந்தக் கேள்விக்குச் சாட்பாட் பெரும்பாலும் சரியாகவே பதில் சொல்கிறது.

கூகுள் மேப்ஸில் உண்மையிலேயே பயன்படுவது மக்கள் போடும் படங்கள்தான். விமர்சனங்களை Newest என்று வரிசைப்படுத்தி, அண்மையில் யாராவது டிக்கெட் கவுண்டர் பலகையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். "தூக்கு பாலத்துக்குப் போகும் வழி அடைப்பு", "கூட்டம் அதிகம், 3 மணிக்கே டிக்கெட் நிறுத்திட்டாங்க" போன்ற செய்திகள் அங்கேதான் வரும்.

வெப்பில் தேடித்தான் சொல்கிறேன் என்று லிங்க் எல்லாம் தருகிறது. அப்பவும் நம்பக் கூடாதா?

லிங்க் இருப்பது நல்லதுதான், அதைத் திறந்து பார்த்தால். பார்க்க வேண்டியது இரண்டு: சாட்பாட் சொன்ன நேரம் அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, அந்தப் பக்கம் எந்த வருஷத்தது. இரண்டாவதில்தான் வழுக்கும்.

நம் வழித்தடமே நல்ல உதாரணம். தனுஷ்கோடிக்கு மணலில் போகும் வேனில்தான் போக வேண்டும் என்று பிளானில் வந்தால் அது 2017க்கு முந்தைய கட்டுரையிலிருந்து எடுத்தது. அந்த வருஷம் ஜூலையில் அரிச்சல்முனை வரை சாலை திறந்தாகிவிட்டது, சொந்தக் கார் கடைசி வரை போகும். ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும் என்று வந்தால் அது பழைய பாம்பன் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட 2022 டிசம்பருக்கும் புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6க்கும் இடைப்பட்ட காலத்துத் தகவல். திருவள்ளுவர் சிலைக்குத் தனிப் படகு, அலை அதிகமானால் அதுவும் கிடையாது என்று வந்தால் 2024 டிசம்பர் இறுதியில் திறந்த கண்ணாடிப் பாலத்தை அது பார்க்கவில்லை என்று அர்த்தம். இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கி அந்த 77 மீட்டர் பாலத்தில் நடந்தே சிலைக்குப் போகலாம்.

மூன்று தகவலும் ஒரே பிளானில், ஒரே தொனியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எது எந்தக் காலத்தது என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால் லிங்க்கைத் திறந்ததும் தேதியைத் தேடுங்கள். தேதியே இல்லாத "டாப் 10 இடங்கள்" பக்கம் என்றால் மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் மூணு மணி நேரம் என்கிறது. சரியா?

தூரம் சுமார் 175 கி.மீ. நிற்காமல் ஓட்டினால் மூன்று, மூன்றேகால் மணி. நிற்காமல் போகிற குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. காலை டிபன், 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நிறுத்தம், பெட்ரோல் பங்க்கில் ஒரு நிறுத்தம். அப்புறம் பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், அங்கே நகரவே கொஞ்ச நேரமாகும். நாலரை மணி என்று வைத்துக்கொண்டால் யாரும் டிரைவரை விரட்ட வேண்டியிருக்காது. பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால் மேப்ஸ் காட்டுவதோடு இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு அரை மணி வீதம் கூட்டிக்கொள்வது என் கணக்கு.

மேப்ஸிலும் வெறுமனே இப்போதைய நேரத்தைப் பார்க்காதீர்கள். இரவு 11 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் காலியான சாலையின் நேரத்தைக் காட்டும். Depart at என்ற இடத்தில் நீங்கள் போகும் கிழமையையும் கிளம்பும் நேரத்தையும் போட்டால் அந்த வேளையின் வழக்கமான நெரிசலைச் சேர்த்து "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று தரும். அதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பைக் படம் தேர்வாகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ராமேஸ்வரம்–கன்னியாகுமரிதான் இதில் சிக்கலான பகுதி. தூத்துக்குடி வரை ஒரே கடற்கரைச் சாலை. அங்கிருந்து திருச்செந்தூர், உவரி வழியாகக் கடலோரமாகவும் போகலாம், திருநெல்வேலி போய் நான்குவழிச் சாலையைப் பிடிக்கவும் செய்யலாம். ஒரு வழியின் தூரத்தையும் இன்னொரு வழியின் நேரத்தையும் சேர்த்துச் சாட்பாட் ஒரே வரியில் எழுதிவிடுவதுண்டு. எந்த வழி என்று நீங்களே முடிவு செய்து, நடுவில் தூத்துக்குடியை ஒரு நிறுத்தமாகப் போட்டு மேப்ஸில் பாருங்கள். எந்த வழியானாலும் 300 கி.மீ.க்கு மேல்தான், சாப்பாட்டோடு சேர்த்தால் ஏழு மணி நேரம். 10 மணிக்குக் கிளம்பி 3 மணிக்குப் போய்ச் சேரும் பிளான் ஏன் நடக்காது என்பது இப்போது புரியும்.

ரயில் நேரமும் டிக்கெட் விலையும் அதிடமே கேட்டுக்கலாமா?

எந்த ரயில் இரவில் கிளம்பிக் காலையில் சேரும் என்று பெயரைத் தெரிந்துகொள்ளக் கேட்கலாம். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு IRCTC தளத்தில் நீங்கள் போகும் தேதியைப் போட்டுப் பாருங்கள். எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுமான வேலை, தண்டவாள வேலை என்று எழும்பூர் வண்டிகளைச் சில காலம் தாம்பரத்திலிருந்து இயக்குவதுண்டு. கிளம்பும் நாளன்று NTES ஆப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

விதிமுறைகளில்தான் பழைய சரக்கு அதிகம் வருகிறது. முன்பதிவு 120 நாள் முன்பே தொடங்கும் என்று சொன்னால் அது பழசு. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். தாத்தாவுக்கு 40 சதவீதம், பாட்டிக்கு 50 சதவீதம் மூத்த குடிமக்கள் சலுகை என்று கணக்கில் கழித்திருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. லோயர் பெர்த் ஒதுக்கீடு மட்டும் உண்டு, அதுவும் காலி இருந்தால். 9 வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் என்று போட்டிருந்தால், பெர்த் வேண்டாம் என்றால்தான் அது பொருந்தும். தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். 4 வயதுக் குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாமென்றால் டிக்கெட்டே தேவையில்லை. ஆறு பேர் கொண்ட இந்தக் குடும்பத்தில் மட்டும் மூன்று பேருடைய கட்டணம் தப்பாகியிருக்கும்.

கார் வாடகை அது சொன்னதற்கும் டிராவல்ஸ்காரர் சொல்வதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. யார் ஏமாற்றுகிறார்கள்?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. சாட்பாட் ஊருக்கு ஊர் தூரத்தை மட்டும் கூட்டியிருக்கும். 175ம் 310ம் சேர்த்து 485 கி.மீ. ஏழு சீட் வண்டிக்குக் கி.மீ. 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,730 ரூபாய். (18 என்பது கணக்குக்காக நான் போட்டது. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

டிராவல்ஸ்காரர் கணக்கில் தனுஷ்கோடி போய்வர 50, கடைசி நாள் அரண்மனைக்கும் அங்கிருந்து நாகர்கோவில் ஸ்டேஷனுக்கும் 55, உங்களை இறக்கிவிட்டு வண்டி காலியாக மதுரை திரும்ப 240 சேரும். மொத்தம் 830 கி.மீ., அதாவது 14,940 ரூபாய். இதற்கு மேல் மூன்று நாளுக்கு டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங். அதோடு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று பலர் வைத்திருப்பார்கள். நம் பயணத்தில் மூன்று நாளுக்கு 750 ஆகிறது, ஓடுவதோ 830. அதனால் இங்கே அது உறைக்கவில்லை. ராமேஸ்வரத்திலேயே ஒரு நாள் கூடத் தங்கினால் உறைக்கும்.

எனவே சாட்பாட்டிடம் தொகையைக் கேட்காமல், டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். கி.மீ. கணக்கு எங்கிருந்து எங்கே வரை, பேட்டா இரவுக்குத் தனியா, டோல் யார் கட்டுவது, ஏசி போட்டால் வேறு விலையா. அந்தப் பட்டியலை நன்றாகப் போட்டுத் தரும். பதில்களை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். போனில் பேசியதை முடிவில் யாரும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருப்பதில்லை.

ரூம் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றது. ஆப்பில் 4,500 காட்டுகிறது!

தேதியைப் பாருங்கள். அமாவாசை, தொடர் விடுமுறை, பள்ளி லீவு, கன்னியாகுமரி என்றால் சபரிமலை சீசன், இவற்றில் ஏதாவது ஒன்றில் விழுந்திருப்பீர்கள். சாட்பாட் சொன்னது ஏதோ ஒரு சாதாரண நாளின் விலை. அறை வாடகையைத் தேதி போட்டு இரண்டு இடத்தில் பாருங்கள், பிறகு ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்து கேளுங்கள். ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் அரசின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, அதன் விலை ஒரு அளவுகோலாகவாவது பயன்படும். நாலு பேருக்கு மேல் என்றால் எக்ஸ்ட்ரா பெட், பிள்ளைகளின் காலை உணவு இரண்டையும் தனியாகக் கேளுங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 12 சதவீத ஜிஎஸ்டி என்று கூட்டியிருந்தால் அதுவும் பழைய கணக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

அமாவாசை எப்போ என்று அதையே கேட்டுத் தேதி முடிவு பண்ணலாமா?

வேண்டாம். திதி கணக்கில் அது சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், அதிலும் திதி ஒரு நாள் மதியம் தொடங்கி மறுநாள் மதியம் முடிகிறபோது. தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. தர்ப்பணம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டு வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் சுற்றுலா என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டையும் ஒட்டி ராமேஸ்வரம் பக்கமே போகாதீர்கள். அன்றைக்கு முன்பு சொன்ன தீர்த்த நேரக் கணக்கு எதுவும் செல்லாது.

ஹோட்டல் நம்பர், கோயில் காட்டேஜ் புக்கிங் லிங்க் எல்லாம் கொடுத்தது. கூப்பிடலாமா?

கூப்பிடாதீர்கள், முக்கியமாகப் பணம் கட்டாதீர்கள். கோயில் விடுதி பெயரிலும் ஹோட்டல் பெயரிலும் போலித் தளங்கள் உலவுகின்றன. அவை தேடலில் மேலே வந்தால் சாட்பாட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம். சில நேரம் எண்ணே கற்பனையாக இருக்கும், யாரோ ஒருவர் வீட்டில் போன் அடிக்கும். அரசுத் தளம் என்றால் முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். முன்பணத்தைத் தனிநபர் பெயருள்ள க்யூஆர் கோடுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அதேபோல உங்கள் ஆதார் எண், பிஎன்ஆர் எதையும் சாட்பாட்டில் போட வேண்டியதில்லை. பிளான் போட வயதும் கிழமையும் போதும்.

சரியான நேரத்தைச் சொன்னேன். 'மன்னிக்கவும், திருத்திவிட்டேன்' என்றது. ஆனால் நாலாம் நாளில் வேறொன்று மாறிப்போச்சு!

நீளமான உரையாடலில் இது சகஜம். ஒன்றைத் திருத்தும்போது மொத்தத்தையும் மறுபடி எழுதுகிறது, அப்போது நீங்கள் முன்பே சரிசெய்த இன்னொன்று பழையபடி திரும்பிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பிறகு புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்கி, உறுதியானவற்றை ஒரே மூச்சில் கொடுங்கள்:

```
இவை நான் சரிபார்த்தவை. மாற்றாதே:
மீனாட்சி கோயில்: 12.30 - 4 மூடியிருக்கும்
ராமேஸ்வரம் கோயில்: 1 - 3 மூடியிருக்கும்
மதுரை - ராமேஸ்வரம்: நிறுத்தங்களோடு நாலரை மணி
ராமேஸ்வரம் - கன்னியாகுமரி: நிறுத்தங்களோடு 7 மணி
படகு: காலை 8 - மாலை 4
அரண்மனை: திங்கள் விடுமுறை, மதிய இடைவேளை உண்டு
இவற்றுக்குள் நாலு நாளை அடுக்கு. இடிக்கும் இடத்தைச் சொல்.
```

கடைசி வரி அவசியம். அது இல்லாவிட்டால் இடிக்கிற இடத்தையும் எப்படியாவது பொருத்திக் காட்டப் பார்க்கும். வந்த பிளானை நீங்கள் கொடுத்த வரிகளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அரசுத் தளத்தில் ஒரு நேரம், மேப்ஸில் ஒரு நேரம், போனில் ஒரு நேரம் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

உங்கள் தேதியைக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலுக்கே முதல் இடம். போனில் பேசியவர் "அன்னைக்குத் திருவிழா, 11 மணிக்கே நடை சாத்திருவோம்" என்றால் தளத்தில் என்ன இருந்தாலும் அதுதான். அவர் தேதியைக் கேட்காமல் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தெளிவில்லை என்றால் குறுகிய நேரத்தை வைத்துப் பிளான் போடுங்கள், அதாவது தாமதமாகத் திறக்கும் நேரமும் சீக்கிரம் மூடும் நேரமும். அந்தக் கணக்கில் போனால் வாசலில் காத்திருக்க நேரலாம், பூட்டைப் பார்த்துத் திரும்ப நேராது.

எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமா?

இரண்டு தடவை. டிக்கெட் போடும் முன் விடுமுறை நாட்களையும் பயண நேரத்தையும் பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு போன் போடுங்கள். விலையை முதல் தடவையே பார்த்து முன்பதிவு செய்துவிட்டால் இரண்டாம் முறை தேவையில்லை.

இறுதிப் பிளானைக் காகிதத்தில் அச்சடித்துப் பாட்டி கைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலிலும் ராமேஸ்வரத்திலும் போனை உள்ளே விடமாட்டார்கள். பிளான், டிரைவர் நம்பர், எந்தக் கோபுர வாசலில் சேர வேண்டும் என்பதெல்லாம் போனுக்குள் இருந்தால் பிரிந்துபோன பிறகு ஒருவரையொருவர் தேடுவது பெரும்பாடு.

எல்லாம் சரிபார்த்தும், போன அன்றைக்குக் கடல் சரியில்லை, படகு இல்லை என்றால்?

இது எங்கேயும் முன்கூட்டிப் பார்க்க முடியாத ஒன்று. காற்றும் அலையும் அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள், காலையில் நிறுத்தி மதியம் விடுவதும் உண்டு. டிக்கெட் கவுண்டரில் கேட்டால் தவிர வேறு வழியில்லை.

சாட்பாட் நன்றாகக் கைகொடுக்கும் இடம் இது. வீட்டிலிருக்கும்போதே "படகு இல்லை என்றால் நாலாம் நாள் காலையை எப்படி மாற்றுவது" என்று கேட்டு மாற்றுப் பிளானை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், அங்கிருந்து அரண்மனை என்று ஒரே திசையில் அமைத்துத் தரும். மதியம் படகு விட்டால் திரும்பி வருவதா வேண்டாமா என்பதற்கு உங்கள் ரயில் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, "இத்தனை மணிக்குள் படகு அறிவிப்பு வராவிட்டால் விட்டுவிடுவது" என்று ஒரு நேரத்தைக் குறித்து வையுங்கள். சுசீந்திரத்திலும் மதியம் நடை சாத்துவார்கள், அதை மட்டும் கோயிலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.